பெட்ரோல் பாதிதான்: ஸ்கூட்டரின் கிலோமீட்டர் கணக்கு

வண்டி வைத்திருப்பவரிடம் செலவைப் பற்றிக் கேட்டால் மைலேஜைச் சொல்வார். மைலேஜ் பெட்ரோல் செலவை மட்டும்தான் காட்டும். சர்வீஸ், இன்ஷூரன்ஸ், கடன் தவணை எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது என்று ஒரு ஸ்கூட்டரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ரசீதில் உள்ளதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்ரோல். 200 ரூபாய்க்கு, 300 ரூபாய்க்கு என்று போட்டுக்கொண்டிருந்தால் மைலேஜ் பிடிபடாது; டேங்கில் மிச்சம் எவ்வளவு இருந்தது என்பது தெரியாதே. ஒருமுறை டேங்கை நிரப்பி, குழாய் தானாக நின்றதும் மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 12,340 என்று வைப்போம். அடுத்த முறை அதே பங்க்கில் அதே அளவுக்கு நிரப்பும்போது மீட்டர் 12,556 காட்டுகிறது, ரசீதில் 4.8 லிட்டர். 216 கிலோமீட்டரை 4.8 ஆல் வகுத்தால் 45. லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 25 காசு.

ஒரே ஒரு நிரப்பலை நம்பக் கூடாது. குழாய் கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலே மைலேஜ் இரண்டு மூன்று கிலோமீட்டர் மாறிவிடும். ஏழெட்டு நிரப்பல்களின் லிட்டரை மொத்தமாகக் கூட்டினால் அந்தப் பிழை கரைந்துவிடும். 45 தரும் வண்டி திடீரென்று 60 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், நடுவில் ஒரு ரசீது தொலைந்திருக்கிறது. பங்க் ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் வாங்கியவுடன் படம் எடுத்து வைப்பது நல்லது.

அடுத்து, பலரும் தடுமாறும் இடமான கடன் தவணை. ஸ்கூட்டரின் ஆன்-ரோடு விலை 1,00,000 ரூபாய். முன்பணம் 25,000, மீதி 75,000 கடன். குறையும் அசலுக்கு 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை சுமார் 2,491 ரூபாய் வரும். மாதம் 667 கிலோமீட்டர் ஓட்டுபவர் இதை அப்படியே வகுத்தால், தவணை மட்டுமே கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 70 காசைத் தாண்டும். கடன் முடிந்த மறுமாதமே வண்டி மலிவாகிவிட்டதுபோலத் தோன்றும். இரண்டுமே தப்பு.

தவணையில் அசலும் வட்டியும் கலந்திருக்கின்றன. அசலாகக் கட்டும் பணம் காணாமல் போவதில்லை, வண்டியாக வாசலில் நிற்கிறது. உண்மையில் நாம் இழப்பது இரண்டுதான்: 36 மாதத்தில் கட்டும் வட்டியான சுமார் 14,700 ரூபாய், அப்புறம் வண்டியின் விலை இறங்குவது. ஐந்து வருடம் கழித்து 40,000 ரூபாய்க்கு விற்றால் இறக்கம் 60,000. தவணை முழுவதையும் எழுதி, விலை இறக்கத்தையும் எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

இன்ஷூரன்ஸிலும் இதே எச்சரிக்கை தேவை. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி பாலிசியைச் சேர்த்தேதான் எடுக்க வேண்டும். அந்தப் பணம் ஆன்-ரோடு விலைக்குள்ளேயே இருப்பதால் மறுபடி எழுதக் கூடாது. நம் வண்டிச் சேதத்துக்காக இரண்டாம் வருடம் முதல் கட்டுவதை மட்டும் சேர்த்தால் போதும். வருடம் 1,500 என்றால் நான்கு வருடத்துக்கு 6,000. சர்வீஸ், டயர், பேட்டரி, பெல்ட் எல்லாம் ஐந்து வருடத்துக்கு 25,000 என்று வைத்துக்கொள்வோம். டயர் மாற்றிய மாதத்தின் தலையில் அந்தச் செலவைக் கட்டாமல் மொத்த ஓட்டத்துக்கும் பரப்ப வேண்டும்.

வருடம் 8,000 வீதம் ஐந்து வருடத்தில் 40,000 கிலோமீட்டர். பெட்ரோல் 90,000, பராமரிப்பு 25,000, இன்ஷூரன்ஸ் 6,000, வட்டி 14,700, விலை இறக்கம் 60,000. கூட்டினால் 1,95,700 ரூபாய். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 89 காசு. இதில் பெட்ரோல் பாதிகூட இல்லை.

அதே ஸ்கூட்டரை வருடம் 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு என்ன ஆகும்? வட்டியும் இன்ஷூரன்ஸும் குறையாது. நின்றாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றியாக வேண்டும், பேட்டரியும் வயதாகும். பராமரிப்பை 15,000 ஆகவும், குறைவாக ஓடியதற்காக விலை இறக்கத்தை 55,000 ஆகவும் குறைத்துப் போட்டாலும் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 30 காசு வருகிறது. மைலேஜ் இருவருக்கும் ஒன்றேதான்.

எந்தக் கேள்விக்கு எந்த எண் என்பதிலும் கவனம் வேண்டும். வண்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, இன்று பஸ்ஸில் போவதா வண்டியில் போவதா என்றால் பெட்ரோலும் தேய்மானப் பராமரிப்பும் சேர்ந்த 2 ரூபாய் 87 காசைப் பார்த்தால் போதும். வட்டியும் இன்ஷூரன்ஸும் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டியவை. ஆனால், வேலைக்காகவே வண்டி வாங்கச் சொல்லி, கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தரும் நிறுவனத்தில் சேரப்போகிறவர் பார்க்க வேண்டியது 4 ரூபாய் 89 காசை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 ரூபாய் 89 காசு அவர் சம்பளத்திலிருந்து போகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் நிலையான செலவுகள் பரவி இது கொஞ்சம் இறங்கும், ஆனால் பூஜ்யமாகாது.