வாசலின் அகலமும் சந்தின் அகலமும்

‘டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரண்டு கணினிகளும் பேசி, ஒரே எம்எஸ்எஸ் அளவுக்கு ஒப்புக்கொள்கின்றன என்று பாடக்குறிப்பில் இருக்கிறது; சரிதானா?’ என்று பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். சரியில்லை. எம்எஸ்எஸ் ஒப்பந்தம் அன்று, அறிவிப்பு. ‘எனக்கு அனுப்பும் ஒரு துண்டில் இத்தனை பைட்டுக்கு மேல் தரவு வைக்காதே’ என்று ஒவ்வொரு பக்கமும் தன் வரவைப் பற்றி மட்டும் சொல்கிறது. சொல்லில் சின்ன வேறுபாடுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டால்தான், இணைப்பு கிடைத்த பிறகும் சில தளங்கள் மட்டும் திறக்காமல் நிற்பது ஏன் என்று புரியும்.

லினக்ஸ் கணினி ஒன்று முதலில் அனுப்பும் சின் பாக்கெட்டை `tcpdump` கருவியில் பார்த்தால் இப்படி ஒரு பகுதி தெரியும்:

```
options [mss 1460,sackOK,TS val 3401 ecr 0,nop,wscale 7]
```

ஈதர்நெட் ஒரு தடவை சுமப்பது 1500 பைட். அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக மிச்சம் 1460. பக்கத்தில் இருக்கும் விண்டோ ஸ்கேலும் டைம்ஸ்டாம்பும் இரண்டு பக்கமும் சொன்னால்தான் நடைமுறைக்கு வரும். எதிர்ப்பக்கம் பதிலில் அவற்றைச் சொல்லாவிட்டால் அவை கைவிடப்படும். எம்எஸ்எஸ் அப்படியில்லை. எதிர்ப்பக்கம் 8960 என்றாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், நான் சொன்ன 1460 எனக்கு வரும் துண்டுகளைக் கட்டுப்படுத்தும். சொல்லாத பக்கத்துக்கு ஐபி நான்காம் பதிப்பில் 536 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

‘ஒரு பக்கம் 1400, மறுபக்கம் 1460 என்று அறிவித்தபோது இரு திசையிலும் 1400தானே ஓடுகிறது? அது ஒப்பந்தம் இல்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1460 சொன்ன பக்கம், எதிராளி கேட்டதால் 1400 அனுப்புகிறது. 1400 சொன்ன பக்கமோ தன் சொந்த இணைப்பு 1440 பைட்டுக்கு மேல் சுமக்காது என்பதால் 1400 அனுப்புகிறது. எண் ஒன்று, காரணம் இரண்டு.

வரலாறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1981இன் ஆர்எஃப்சி 793 இந்த விருப்பத்தேர்வை வகுத்தது. இரண்டு திசைகளுக்கும் வெவ்வேறு அளவு இருக்கலாம் என்று 1983இலேயே ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 879இல் எழுதிவிட்டார்.

இதை பீரோ வாங்குவதோடு ஒப்பிடலாம். ‘எங்கள் வாசல் இவ்வளவு அகலம்’ என்று நாம் கடைக்குச் சொல்கிறோம். கடையும் தன் வாசலின் அகலத்தைச் சொல்கிறது. நடுவில் உள்ள சந்தின் அகலத்தை இருவரும் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியவும் தெரியாது. பிபிபிஓஇ வழியாக வரும் வீட்டு இணைப்பு அப்படிப்பட்ட சந்து: அதன் தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492தான் போகும். மடிக்கணினி 1460 என்கிறது, சர்வரும் 1460 என்கிறது. இணைப்பு தொடங்கும் மூன்று பாக்கெட்டுகளும் கடிதம்போலச் சின்னவை, சந்தில் எளிதாக நுழைகின்றன. பக்கத்தைக் கேட்கும் வேண்டுகோளும் போய்விடுகிறது. பதிலாகச் சர்வர் அனுப்பும் 1500 பைட் பாக்கெட், உடைக்கக் கூடாது என்ற குறியோடு வந்து சந்துமுனையில் நின்றுவிடுகிறது. அங்குள்ள ரூட்டர் ‘பெரிது, 1492க்குள் அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும். வழியில் ஒரு ஃபயர்வால் அதைத் தடுத்தால், கடைக்காரர் அதே பீரோவைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். பிங் வேலை செய்யும், இணைப்பும் கிடைக்கும், பக்கம் மட்டும் வராது. `ping -M do -s 1464` பதில் பெற்று, 1465 பதில் பெறாவிட்டால் வழியில் 1492 பைட் சந்து இருக்கிறது என்று பொருள்.

இதற்கு ரூட்டர்கள் செய்யும் வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. சந்துமுனையில் நிற்பவர், இரு பக்கத்துக் கடிதங்களையும் பிரித்து, வாசல் அகலத்தை 1460இலிருந்து 1452 என்று திருத்தி, செக்சம்மையும் சரிசெய்து அனுப்பிவிடுகிறார். லினக்ஸ் ரூட்டரில் ஒரே வரி:

```
iptables -t mangle -A FORWARD -p tcp --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

அடுத்தவர் கடிதத்தைத் திருத்துவது முறையா என்பது சரியான ஆட்சேபம். எம்எஸ்எஸ் ஒப்பந்தமாக இருந்திருந்தால் இந்தத் திருத்தம் மோசடி. அது உச்சவரம்பு மட்டுமே என்பதால், குறைத்து எழுதுவதால் எதுவும் கெடுவதில்லை. ஆனால் இந்த வைத்தியம் டிசிபிக்கு மட்டும்தான். யுடிபி மேல் ஓடும் க்விக் நெறிமுறையில் ரூட்டர் திருத்துவதற்கு இப்படியொரு எண்ணே கிடைக்காது.

இந்த எண்ணை மாற்றினால் இணைய வேகம் கூடும் என்று வரும் குறிப்புகளை நம்ப வேண்டாம். ஈதர்நெட் கம்பியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடுதலாக 78 பைட் செலவாகிறது. 1460இல் பயன் 94.9 சதவீதம், 1400இல் 94.7. கூடுவதற்கு அங்கே இடமே இல்லை. ஃபயர்வால் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐசிஎம்பி முழுவதையும் அடைக்காதீர்கள், வகை 3, குறி 4 செய்தியையாவது உள்ளே விடுங்கள்.