ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்

பல்லின் மேலே வெள்ளையாகத் தெரிவது எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். ஆனால் இதில் உயிரணுக்கள் இல்லை; குழி விழுந்தால் தானாக வளர்ந்து மூடாது. அதற்கு அடியில் இளமஞ்சள் நிறத்தில் டென்டின். இதில் நுண்ணிய குழல்கள் உள்ளே வரை ஓடுகின்றன. சொத்தை இங்கே வந்ததும் ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும். நடுவில் இருப்பது நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த பல்கூழ். சொத்தை அதைத் தொட்டுவிட்டால் ராத்திரியில் தூங்கவிடாமல் வலிக்கும். ஈறில் சீழ்க்கட்டியும் வரலாம்.

பால் பல்லில் எனாமல் சுமார் 1 மி.மீ. தான், நிலைப்பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. பல்கூழோ பல்லின் அளவுக்குப் பெரியது, மேற்பரப்புக்கு நெருக்கமானது. அதனால் குழந்தையின் சின்னக் கரும்புள்ளிகூட வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

“விழப்போகிற பல்தானே” என்று விடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பால் பற்கள் 20, நிலைப்பற்கள் 32. சுமார் 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. பலரும் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது. குழந்தையின் வாயில் நடுக்கோட்டிலிருந்து எண்ணுங்கள்: ஆறாவதாக நிற்பது அந்தப் பல்தான். அதன் பள்ளங்களில் கருமை தெரிந்தால், வலி வருவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.