புயல் அறிக்கையில் யாரும் படிக்காத பத்தி

வங்கக் கடலில் புயல் ஒன்று உருவானால் இந்திய வானிலை ஆய்வுத் துறை சில மணி நேரத்துக்கு ஒருமுறை தொழில்நுட்ப அறிக்கை வெளியிடும். தொலைக்காட்சிகள் அதிலிருந்து புயலின் பெயர், காற்றின் வேகம், கரையைக் கடக்கும் இடம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கின்றன. அதே அறிக்கையின் நடுவே, கீழடுக்கில் காற்றின் சுழற்சி இவ்வளவு, குவிதல் இவ்வளவு, மேலடுக்கில் விரிதல் இவ்வளவு என்று ஒரு பத்தி இருக்கும். செய்தி வாசிப்பவர் அதைத் தொடுவதே இல்லை. பொறியியல் கல்லூரியில் டைவர்ஜென்ஸ், கர்ல் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதி மறந்த கணக்குதான் அந்தப் பத்தி முழுவதும்.

ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் காற்றுக்கு ஒரு வேகமும் ஒரு திசையும் உண்டு. புள்ளிக்கு ஓர் அம்பு வரைந்தால் கிடைப்பது திசையன் புலம். ஒவ்வோர் அம்பையும் கிழக்கு நோக்கிய பங்கு u, வடக்கு நோக்கிய பங்கு v என்று பிரிக்கலாம். நின்ற இடத்திலிருந்து கிழக்கே கொஞ்சம் நகர்ந்தால் இந்த இரண்டும் எவ்வளவு மாறுகின்றன, வடக்கே நகர்ந்தால் எவ்வளவு மாறுகின்றன என்று கேட்டால் நான்கு மாறுவீதங்கள், அதாவது நான்கு வகைக்கெழுக்கள் கிடைக்கும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விரிதல் = ∂u/∂x + ∂v/∂y

சுழற்சி = ∂v/∂x − ∂u/∂y

கிழக்கே போகப் போகக் கிழக்கு நோக்கிய காற்று வலுத்தால், ஓர் இடத்துக்குள் வரும் காற்றைவிட வெளியேறும் காற்று அதிகம். வடக்குக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் அந்த இடத்திலிருந்து காற்று மொத்தத்தில் விலகுகிறதா, குவிகிறதா என்று தெரிந்துவிடும். விடை எதிர்க்குறியில் வந்தால் குவிதல். சுழற்சிக்கான கேள்வி வேறு: கிழக்கே போகும்போது வடக்கு நோக்கிய காற்று வலுக்கிறதா? வலுத்தால் வலப்பக்கம் வேகமாகவும் இடப்பக்கம் மெதுவாகவும் வடக்கே ஓடும். நடுவில் மிதக்கும் துரும்பு இடஞ்சுழியாகத் திரும்பும். வடக்கே போகும்போது கிழக்கு நோக்கிய காற்று வலுத்தால் அதே துரும்பு வலஞ்சுழியாகத் திரும்பும். சூத்திரத்தில் உள்ள கழித்தல் குறி அதற்காகத்தான்.

இனி ஒரு புயல். கணக்குக்கு வசதியாக, மையத்திலிருந்து 30 கிலோமீட்டரில் காற்று உச்ச வேகமாக வினாடிக்கு 30 மீட்டரை (மணிக்கு 108 கிலோமீட்டர்) எட்டுகிறது என்று கொள்வோம். ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின் பெயரால் வழங்கும் மாதிரியின்படி, அந்த 30 கிலோமீட்டருக்கு உள்ளே காற்று திடமான தட்டுபோல் சுழல்கிறது: மையத்தில் வேகம் பூச்சியம், வெளியே வர வர தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். 30 கிலோமீட்டருக்கு வெளியே தூரம் இரட்டிப்பானால் வேகம் பாதியாகும். ஆகவே 60 கிலோமீட்டரில் வேகம் 15.

வட்டமாகச் சுற்றும் காற்றில் சுழற்சிக்கு இரண்டு பங்குகள் உண்டு. பாதை வளைவதால் வருவது ஒன்று. அது வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். வெளியே நகரும்போது வேகம் மாறுவதால் வருவது மற்றொன்று. உள்வட்டத்தில் முதல் பங்கு, கிலோமீட்டருக்கு வினாடிக்கு 1 மீட்டர். இரண்டாவதும் அதே 1. மொத்தம் 2. உள்வட்டத்தில் எங்கே அளந்தாலும் இதே விடைதான்.

60 கிலோமீட்டரில் வளைவின் பங்கு 15/60, அதாவது 0.25. வேகத்தின் பங்கோ, வெளியே போகப் போக வேகம் குறைவதால், −0.25. கூட்டினால் பூச்சியம்! காற்று மையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அங்கே விழுந்த துரும்பு மையத்தை வலம்வருமே தவிர, தன்னைத்தானே திருப்பிக்கொள்ளாது. வடக்கு பார்த்தபடி விழுந்தால் வடக்கு பார்த்தபடியே சுற்றி வரும். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவது சரியில்லை. வளைந்த பாதையைப் பார்த்ததும் சுழற்சி இருக்கிறது என்று முடிவுகட்டுகிற பிழை இங்கேதான் பிறக்கிறது.

நிஜப் புயல் ராங்கின் சொன்ன அளவுக்கு வேகமாகத் தளர்வதில்லை. தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாக வேகம் குறைகிறது என்று கொண்டால் 60 கிலோமீட்டரில் காற்று வினாடிக்குச் சுமார் 21 மீட்டர். வளைவின் பங்கு 0.354, வேகத்தின் பங்கு −0.177. மிச்சம் 0.177. வானிலை அறிக்கையின் அலகில் எழுதினால் அது 177 × 10⁻⁶ s⁻¹. புயல் அறிக்கைகளில் இதே வரிசையில் உள்ள எண்களைப் பார்க்கலாம்.

இதுவரை விரிதல் எங்கும் பூச்சியம்தான். வெறுமனே வட்டமடிக்கும் காற்று எங்கும் குவியாது. ஆனால் கடல்பரப்பின் உராய்வு காற்றை மெதுவாக்கி, மையத்தை நோக்கி உள்ளே சாய்க்கிறது. 100 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் விளிம்பில் காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீதம் உள்ளே நுழைந்தால், வட்டத்துக்குள் சராசரி விரிதல் −10 × 10⁻⁵ s⁻¹. உள்ளே வந்த காற்று போக மேலே மட்டும்தான் வழி. அடுக்கின் தடிமன் ஒரு கிலோமீட்டர் என்றால் அதன் உச்சியில் காற்று வினாடிக்குச் சராசரியாக 10 சென்டிமீட்டர் எழும்பும். ஈரக்காற்று மேலேறி மேகமாகிறது. உயரத்தில் அது விரிந்து வெளியேறியாக வேண்டும். உள்ளே வருவதைவிட வெளியேறுவது அதிகமானால் மையத்தில் அழுத்தம் சரிந்து புயல் வலுக்கும். அறிக்கை மேலடுக்கு விரிதலைத் தனியே சொல்வதன் காரணம் இதுவே.

ஒரே நான்கு வகைக்கெழுக்களிலிருந்து பிறந்தாலும், அளவிடும்போது இந்த இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 100 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு நிலையங்களின் காற்றளவில் வினாடிக்கு 1 மீட்டர் பிழை இருந்தால் விடையில் 10⁻⁵ s⁻¹ பிழை புகுந்துவிடும். சாதாரண நாளில், பரந்த அளவில் சுழற்சி இதைப்போல் பத்து மடங்கு இருக்கும் என்பதால் அது தாங்கும். விரிதலின் அளவே ஏறக்குறைய அந்தப் பிழையின் அளவுதான். அந்தப் பொய்யான விரிதல் தரைமுதல் உச்சிவரை காற்றுத்தூண் முழுவதிலும் இருப்பதாக நம்பினால், அழுத்தமானி மணிக்கு 36 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று கணக்கு சொல்லும். கடும் புயல்கூட அவ்வளவு வேகமாக அழுத்தத்தை மாற்றுவது அரிது.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இதில்தான் மாட்டினார். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதிக்கான ஐரோப்பிய வானிலையைக் கையால் கணித்தார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று விடை வந்தது. அன்று உண்மையில் அழுத்தமானி அசையவே இல்லை எனலாம். சமன்பாடுகளில் குறையில்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்றளவுகளும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாததால் எழுந்த போலி விரிதலே காரணம். தோல்வியை மறைக்காமல் அப்படியே 1922இல் தம் புத்தகத்தில் அச்சிட்டார்.

1950இல் அமெரிக்காவில் ஜூல் சார்னி, ரக்னர் ஃபியோர்டாஃப்ட், ஜான் வான் நாய்மன் மூவரும் எனியாக் கணினியில் மறுபடி முயன்றபோது விரிதலை அடியோடு ஒதுக்கிவிட்டு, சுழற்சியை மட்டும் காற்றோடு நகர்த்திக் கணித்தார்கள். 24 மணி நேர முன்னறிவிப்பைப் போட எனியாக்குக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. ஆனால் இந்த முறை விடை வானிலையைப் போலவே இருந்தது.