எட்டிப் பார்த்தவரைத் துரத்தும் விளம்பரம்

இணையக் கடை ஒன்றில் ஒரு சுங்குடிச் சேலையைப் பார்க்கிறீர்கள். விலை ஒத்துவரவில்லை, மூடிவிடுகிறீர்கள். சற்று நேரம் கழித்துச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால், கிரிக்கெட் ஸ்கோருக்குப் பக்கத்தில் அதே சேலை நிற்கிறது. போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று பலர் சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான். ஆனால் இதற்கு மைக் வேண்டியதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி போதும்.

அந்தப் புள்ளிக்குப் பெயர் டிராக்கிங் பிக்சல். அகலம் ஒரு பிக்சல், உயரம் ஒரு பிக்சல், நிறம் கிடையாது. மெட்டா நிறுவனம் கடைக்காரர்களுக்குத் தரும் நிரலின் ஒரு பகுதி இப்படி இருக்கும்:

```html
<img height="1" width="1" style="display:none"
src="https://www.facebook.com/tr?id=PIXEL_ID&ev=PageView&noscript=1"/>
```

படம் இருக்கும் இடம் கடையின் சர்வர் அல்ல, விளம்பர நிறுவனத்தின் சர்வர் என்பதுதான் இதில் சூட்சுமம். படத்தைக் காட்ட வேண்டுமென்றால் பிரவுசர் அங்கே போய்க் கேட்டாக வேண்டும். கேட்கும்போது, எந்தத் தளத்திலிருந்து வருகிறோம் என்பதையும், அந்த நிறுவனம் முன்பே நம் பிரவுசரில் வைத்துவிட்டுப் போன குக்கீ எண்ணையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. ‘இந்த எண்ணுக்குரிய பிரவுசர் இந்தக் கடைக்கு வந்தது’ என்று அங்கே பதிவாகிறது. இன்று பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் இந்த வேலையைச் செய்கிறது. மேலே உள்ள படம் அது இயங்காத இடத்துக்கான மாற்று ஏற்பாடு. பொருளைப் பார்த்தால் `ViewContent`, கூடையில் போட்டால் `AddToCart`, வாங்கினால் `Purchase` என்று ஒவ்வொரு செயலும் தனித்தனியே போய்ச் சேரும். இந்தப் பதிவுகளிலிருந்துதான் விளம்பரம் காட்டுவதற்கான பார்வையாளர் பட்டியல் உருவாகிறது.

பெரிய கடைகளுக்கு இது சுலபம். சிறிய கடை முதலில் முட்டிக்கொள்வது பட்டியலின் அளவில். கணக்குக்காக மதுரையில் ஒரு சிறு சேலைக் கடையை வைத்துக்கொள்வோம். அதன் தளத்துக்கு மாதம் 1,500 பேர் வருகிறார்கள். 900 பேர் ஏதாவது ஒரு சேலையின் பக்கம் வரை போகிறார்கள். 70 பேர் கூடையில் போடுகிறார்கள், 25 பேர் வாங்குகிறார்கள். மீதி 45 பேருக்கு மட்டும் விளம்பரம் காட்டினால் போதும் என்றுதான் கடைக்காரருக்குத் தோன்றும். பட்டியலைத் தயார் செய்து பணமும் கட்டிவிடுவார். விளம்பரம் ஓடாது. கூகுளின் டிஸ்ப்ளே விளம்பரத்துக்குக் கடந்த 30 நாட்களில் இயக்கத்தில் இருந்த 100 பேராவது பட்டியலில் இருக்க வேண்டும். காட்டப்பட்ட தடவை பூஜ்ஜியத்திலேயே நின்றால், முதலில் பார்க்க வேண்டியது பட்டியலின் அளவைத்தான்.

இந்தக் கீழ்வரம்பு வியாபாரக் கெடுபிடி அல்ல, அந்தரங்கத்துக்கான காவல். 2010-ல் அலெக்சாண்ட்ரா கொரோலோவா என்ற ஆய்வாளர், ஃபேஸ்புக்கில் ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்தும்படி விளம்பர நிபந்தனைகளை அமைத்தால், அவர் மறைத்து வைத்திருக்கும் விவரத்தையும் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். ஊகித்த விவரத்தையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். விளம்பரம் காட்டப்பட்டதாகக் கணக்கு வந்தால் ஊகம் சரி. பட்டியலில் ஆள் கூடக் கூட இந்தத் தந்திரம் செல்லாது.

தளத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கைகூட முழுதாகப் பட்டியலுக்கு வராது. ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் பிற நிறுவனங்களின் குக்கீயை அடியோடு தடுக்கிறது. ஃபயர்பாக்ஸும் கண்காணிப்பு குக்கீகளைத் தடுக்கிறது. குரோம் பிற நிறுவனங்களின் குக்கீயைக் கைவிடப்போவதாகச் சொல்லி, 2024-ல் அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. ஆகவே, வந்தவர்களில் ஒரு பகுதியினர் பட்டியலில் ஏறுவதே இல்லை.

சிறு கடைக்கு வழி, பட்டியலை அகலப்படுத்துவதுதான். கூகுளில் ஒருவரைப் பட்டியலில் 540 நாள் வரை வைத்திருக்க முடியும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் தீபாவளிச் சேலை பார்த்தவருக்கு இன்று அதே சேலையைக் காட்டி என்ன பயன்? நாளை நீட்டுவதைவிட, கூடையில் போட்டவர்களையும் சேலைப் பக்கம் பார்த்தவர்களையும் 30 நாளுக்கு ஒன்றாகச் சேர்ப்பது நல்லது. நம் கடையில் 900 பேரில் வாங்கிய 25 பேரைக் கழித்து, குக்கீ தடையில் விடுபடுபவர்களையும் ஒதுக்கினால், 600 பேர் தேறுவார்கள் என்று கொள்வோம்.

இனி அடுத்த சிக்கல். கடைக்காரர் ஒரு நாளைக்கு 300 ரூபாய் ஒதுக்குகிறார். ஆயிரம் தடவை காட்ட 80 ரூபாய் ஆகிறது என்றால், நாளொன்றுக்கு 3,750 தடவை விளம்பரம் ஓடும். இருப்பதோ 600 பேர். தலைக்கு தினம் ஆறு தடவைக்கு மேல், வாரத்துக்கு சுமார் 44 தடவை அதே சேலை! சேலை மேலிருந்த ஆசை போய்க் கடை மேல் எரிச்சல்தான் வரும்.

இதைத் தடுப்பதுதான் ஃபிரீக்வென்சி கேப், அதாவது ஒருவருக்கு இத்தனை தடவைதான் என்ற உச்சவரம்பு. கூகுள் டிஸ்ப்ளேயில் நாள், வாரம், மாதம் என்று இதை நாமே குறிக்கலாம். வாரத்துக்கு 5 என்று வைத்தால், 600 பேருக்கு 3,000 தடவை; செலவு 240 ரூபாய். நாளுக்கு 300 செலவாகிக்கொண்டிருந்த இடத்தில் வாரத்துக்கே 240 போதும். பட்டியலின் அளவை வரம்பால் பெருக்கினால் வரும் தடவைகளுக்கான செலவுதான் பட்ஜெட்டின் உச்சம். அதற்கு மேல் போடும் பணம் ஒரு புதிய ஆளைக்கூடக் கொண்டுவராது.

வரம்பிலும் ஓட்டை உண்டு. போனிலும் லேப்டாப்பிலும் பார்ப்பவர் இரண்டு பேராக எண்ணப்படலாம். மெட்டாவின் அறிக்கையில் வரும் Frequency என்பது சராசரி மட்டுமே. அது 5 என்று காட்டும்போது, ஒருவர் இரண்டு தடவையும் இன்னொருவர் எட்டுத் தடவையும் பார்த்திருக்கலாம். அந்த எண் வாராவாரம் ஏறி, கிளிக் இறங்கினால், பட்டியல் வற்றிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, வாங்கிய பிறகும் துரத்தும் விளம்பரம். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. `Purchase` பதிவு பெரும்பாலும் ‘நன்றி’ சொல்லும் கடைசிப் பக்கத்தில்தான் இயங்கும். வாடிக்கையாளர் யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு, அங்கிருந்தே போனை வைத்துவிட்டால், அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. கடையின் கணக்கில் அவர் வாங்கியவர். பிக்சலின் கணக்கில் கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர். மாதக் கடைசியில் ஆர்டர் 25, `Purchase` 17 என்று இருந்தால், எட்டுப் பேர் வீணாகத் துரத்தப்படுகிறார்கள். கடையின் சர்வரே நேரடியாகத் தகவல் அனுப்பும்படி அமைத்தால் இது தீரும். அப்போது பிக்சலும் சர்வரும் ஒரே விற்பனையை இரண்டாக எண்ணாமல் இருக்க, இரண்டிலும் ஒரே `event_id` இருக்க வேண்டும்.

இப்படித் துரத்தும் ரீடார்கெட்டிங் விளம்பரம் புது வாடிக்கையாளரைக் கொண்டுவராது. வந்தவருக்கு நினைவூட்டும், அவ்வளவுதான். சிறு கடை வைத்திருப்பவர்கள் பட்ஜெட்டைக் கூட்டும் முன் பட்டியலின் அளவையும் வாராந்திர வரம்பையும் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். அந்தக் கணக்குக்கு மேல் கையில் மிஞ்சும் பணத்தை, கடைக்கு இன்னும் வராதவர்களை அழைக்கச் செலவிடுங்கள்.