மழையில் ஸ்பா: முன்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக், பின்சக்கரத்துக்கு எவ்வளவு?

பெல்ஜியத்தில் ஆர்டென் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பா பந்தயத் தடம் மழைக்குப் பேர்போனது. 2021 ஆகஸ்ட் 29 அன்று அங்கே நடக்க வேண்டிய ஃபார்முலா ஒன் பந்தயம், பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு முடிந்துபோனது. ஓட்டுநர்களுக்குப் பாதிப் புள்ளிகள்தான் கிடைத்தன. வீட்டில் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்துக்கொண்டு ‘அசெட்டோ கோர்சா கம்பெட்டிசியோனே’ சிமுலேட்டரில் அதே ஸ்பாவில் ஓட்டுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. மழை கொட்டினாலும் ஓட்டித்தான் ஆகவேண்டும்.

ஆனால் அவருக்கு வேறு ஒரு வசதி உண்டு. ஃபார்முலா ஒன் காரில் ஏபிஎஸ்ஸுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் தடை இருக்கிறது. இந்த சிமுலேட்டரில் ஓடும் ஜிடி3 வகைக் கார்களில் இரண்டுமே உண்டு. ஏபிஎஸ், பிரேக் அழுத்தும்போது சக்கரம் சுழல்வது நின்று அப்படியே வழுக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளும். டிராக்‌ஷன் கன்ட்ரோல், அதாவது டிசி, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பின்சக்கரம் இருந்த இடத்திலேயே வெறுமனே சுற்றாமல் தடுக்கும். இரண்டுக்கும் எண்கள் இருக்கின்றன. எண் கூடக் கூட அந்தக் கருவியின் தலையீடும் கூடும். அதனால் மழை வந்தவுடன் பலரும் இரண்டு எண்களையும் மேலே ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கார் சுழலாமல் ஓடும்; ஆனால் வளைவில் திரும்ப மறுக்கும், நேரமும் போகும். அவர்கள் தொடாமல் விட்ட மூன்றாவது எண்தான் காரணம்: பிரேக் பயஸ்.

பெடலை மிதிக்கும்போது கிடைக்கும் பிரேக் விசையில் முன்சக்கரங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்வது பிரேக் பயஸ். 57 என்று இருந்தால் முன்னால் 57 சதவீதம், பின்னால் 43 சதவீதம். முன்னால் அதிகம் இருப்பதற்குக் காரணம் எல்லோரும் அனுபவித்ததுதான். டவுன் பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். காரின் எடையும் அப்படியே முன்சக்கரங்கள் மேல் போய் விழுகிறது. எடை அதிகம் தாங்கும் டயருக்குப் பிடிமானம் அதிகம், அதனால் அது அதிக பிரேக்கைத் தாங்கும். எடை குறைந்துபோன பின்சக்கரத்துக்கு அதே அளவு கொடுத்தால் அது லாக் ஆகிவிடும்.

மழையில் மாறுவது இதுதான். ஈரத்தில் டயரின் பிடிமானம் குறைவு, ஆகவே கார் அவ்வளவு கடுமையாக வேகம் குறைய முடியாது. வேகம் மெதுவாகக் குறைந்தால் எடை முன்னால் போவதும் குறைகிறது. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நிற்கும்போது எடை முன்னும் பின்னும் சரிபாதியாக இருக்கும் ஒரு கார். அதன் எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; முன், பின் அச்சுகளுக்கு இடையே 265 செ.மீ. காய்ந்த தடத்தில் புவியீர்ப்பைப் போல 1.4 மடங்கு வலுவோடு பிரேக் பிடித்தால், மொத்த எடையில் சுமார் 24 சதவீதம் முன்னால் நகரும். முன்சக்கரங்கள் 74 சதவீதம் தாங்கும். ஈரத்தில் 0.8 மடங்குதான் பிடிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், நகர்வது சுமார் 14 சதவீதம். முன்சக்கரங்கள் தாங்குவது 64. பின்சக்கரங்கள் காய்ந்த தடத்தில் இருந்ததைவிட அதிக வேலை செய்யத் தயாராக இருக்கின்றன. பயஸை மாற்றாமல் விட்டால் அந்தப் பிடிமானம் வீணாகிறது, முன்டயர்கள் மட்டும் திணறுகின்றன.

அப்படியானால் பயஸைப் பத்துப் புள்ளி பின்னால் தள்ளலாமா என்றால், கூடாது. கணக்கில் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, என்ஜின் பிரேக்கிங். ஜிடி3 கார்களில் என்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்குத்தான் போகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டு கியரை இறக்கும்போது என்ஜினும் பின்சக்கரங்களையே பிடித்து இழுக்கிறது. எண்ணில் தெரியாத பின் பிரேக் அது. வழுக்கும் தரையில் அதன் பங்கு இன்னும் பெரிது. இரண்டு, முன்சக்கரம் லாக் ஆனால் கார் நேராகப் போகும், பின்சக்கரம் லாக் ஆனால் பின்பக்கம் சுழன்று முன்னால் வரும். முதலாவதில் தப்பிக்க வழி உண்டு, இரண்டாவதில் அநேகமாக இல்லை. ஆகவே ஓட்டுகிறவர்கள் ஒன்று, ஒன்றரை புள்ளி அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு காரின் 57 இன்னொரு காரின் 57 ஆகாது என்பதால், பிறர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துப் போடுவதிலும் பயனில்லை.

பயஸுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் உள்ள உறவை ஸ்பாவின் லே கோம்ப் வளைவில் நன்றாகப் பார்க்கலாம். கெம்மல் என்ற நீண்ட நேர்பாதையின் முடிவில் வரும் வளைவு அது. உச்ச வேகத்தில் வந்து, பெடலை முழுதாக மிதித்து, வலதுபக்கம் திரும்பவேண்டும். நேராகப் போய்க்கொண்டே முழுப் பலத்தோடு மிதிக்கும் முதல் பகுதியில் ஏபிஎஸ்தான் ராஜா. முன்னோ பின்னோ, எந்தச் சக்கரம் லாக் ஆகப் போனாலும் அது அழுத்தத்தைக் குறைத்துவிடும். அந்தக் கட்டத்தில் பயஸ் சற்றுத் தவறாக இருந்தாலும் வெளியே தெரியாது. காலை மெல்லத் தளர்த்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பும் இரண்டாம் பகுதியில்தான் பயஸ் தன் முகத்தைக் காட்டுகிறது. டயர் ஒரே நேரத்தில் நிறுத்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். முன்டயருக்கு பிரேக் பங்கு அதிகம் என்றால், திருப்புவதற்கு அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

இதைத் திரையிலேயே கண்டுபிடிக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் ஏபிஎஸ் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, கார் வளைவின் வெளிப்பக்கமாகவே போகிறது என்றால், முன்னால் பிரேக் அதிகம். ஏபிஎஸ் எண்ணை இன்னும் ஏற்றினால் இது தீராது. பிரேக் மேலும் பலவீனமாகி, நிற்கும் தூரம்தான் நீளும். பயஸைத்தான் பின்னால் நகர்த்தவேண்டும்.

ஒரு உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். காய்ந்த தடத்தில் பயஸ் 57.0, ஏபிஎஸ் 3, டிசி 4 என்று ஓடிக்கொண்டிருந்த கார். மழை டயர் மாட்டியாயிற்று. அடுத்து டயர் அழுத்தம். இந்த சிமுலேட்டரில் காய்ந்த தட டயருக்கு, சூடான பிறகு 26, 27 பிஎஸ்ஐ என்றால், மழை டயருக்கு 30 பிஎஸ்ஐ வாக்கில் இருக்கவேண்டும். இது சரியாகாமல் மற்ற எண்களில் கைவைத்தால் எது எதனால் ஆனது என்றே புரியாது.

பிறகு ஏபிஎஸ்ஸை 3-லிருந்து 5-க்கு ஏற்றுகிறோம். லே கோம்புக்கு நேராக பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆவது நிற்கிறது. ஆனால் திரும்பும்போது மேலே சொன்ன நோய் தெரிகிறது. பயஸை 56.4 ஆக்கி இரண்டு மூன்று சுற்றுகள் ஓட்டினால் மூக்கு கொஞ்சம் உள்ளே வருகிறது. 55.8 ஆக்கினால் நன்றாகத் திரும்புகிறது; ஏபிஎஸ் விளக்கும் திரும்பும்போது அணைந்துவிடுகிறது. ஆசையில் 55.2-க்குப் போனால், பெடலைத் தளர்த்தும் அந்தக் கணத்தில் பின்பக்கம் லேசாக நழுவி, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தவேண்டி வருகிறது. எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள். 55.8-க்கே திரும்பிவிடலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பின்பக்கம் நழுவியது பெடலைத் தளர்த்தும்போதா, கியரை இறக்கும்போதா என்பதைக் கவனிக்கவேண்டும். மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு வந்த நொடியில் சட்டென்று வெட்டி இழுத்தால், குற்றவாளி பயஸ் அல்ல. என்ஜின் இன்னும் வேகமாகச் சுழலும்போதே அவசரப்பட்டு கியரை இறக்கியதுதான். பயஸை முன்னால் தள்ளி இதை மூடி மறைத்தால், திரும்பாத பழைய கார் திரும்பக் கிடைக்கும். கியரைக் கொஞ்சம் தாமதித்து இறக்கினால் போதும்.

டிசியைச் சரிபார்க்கச் சிறந்த இடம் லா சூர்ஸ். தடத்திலேயே மிகக் குறுகலான வளைவுகளில் ஒன்று. அதைவிட்டு வெளியேறும் வேகம் ஓ ரூஷ் ஏற்றத்தையும் தாண்டி கெம்மல் முடிவுவரை கூட வரும். மெதுவான வேகம், தாழ்ந்த கியர், முழுச் சக்தி, ஈரத் தரை: பின்சக்கரம் வெறுமனே சுற்ற இதைவிடத் தோதான இடம் கிடையாது. டிசியை 4-லிருந்து 6-க்கு ஏற்றினால் கார் அடங்குகிறது. 8-க்கு ஏற்றினால் இன்னும் அடங்குகிறது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தும் கார் மூச்சுவாங்கிக்கொண்டு நகர்கிறது, டிசி விளக்கு அணைவதே இல்லை. டிசி புதிதாகப் பிடிமானம் எதையும் தருவதில்லை, என்ஜின் சக்தியைத்தான் வெட்டுகிறது. வளைவை விட்டு வெளியேறும்போது விளக்கு ஒன்றிரண்டு முறை மினுங்கி அணைந்தால் எண் சரி. விடாமல் எரிந்தால், எண்ணைக் கூட்டுவதற்கு முன் காலைக் குறைக்கவேண்டும், அல்லது ஒரு கியர் மேலே வைத்து வெளியேறவேண்டும். மேல் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறைவு என்பதால், டிசி தலையிட வேண்டிய அவசியமே பாதி நேரம் வராது.

ஏபிஎஸ், டிசி, பயஸ் மூன்றையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் பொத்தான்களால் மாற்றலாம். அவற்றுக்குப் பொத்தான் ஒதுக்கி வைத்துக்கொள்வது மழையில் அவசியம், ஏனென்றால் ஈரம் ஒரே அளவில் நிற்பதில்லை. மழை வலுத்துத் தண்ணீர் தேங்கினால், டயர் தண்ணீர்மேல் மிதக்கும். தரையையே தொடாத டயருக்கு எந்த எண்ணும் உதவாது, வேகத்தைக் குறைத்துத் தேங்கிய இடத்தை விலகிப் போவதுதான் வழி. மழை விட்டுக் கார்கள் ஓடும் பாதை காயத் தொடங்கும்போது கணக்கு தலைகீழாகும். பிடிமானம் கூடுகிறது, எடை மறுபடி முன்னால் போகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. 55.8 அப்போது ஆபத்தான எண். ஆகவே காய்கிற தடத்தில் முதலில் திரும்பவேண்டியது பயஸ். ஒவ்வொரு சொடுக்காக 57-ஐ நோக்கி. ஏபிஎஸ்ஸும் டிசியும் அதற்குப் பிறகு இறங்கலாம். அவை கூடுதலாக இருந்தால் நேரம்தான் போகும், பயஸ் தவறாக இருந்தால் கார் போகும்.