பத்து சதவீதம் பார்த்தால் போதுமா?

ஊறுகாய் போடும் தொழிற்கூடம் ஒன்றுக்குக் காலி கண்ணாடி பாட்டில்கள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். 40 அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 24, மொத்தம் 960 பாட்டில். சலானில் கையெழுத்துப் போடுமுன் எத்தனையைப் பார்ப்பது? ‘பத்து சதவீதம் பார்த்துடு’ என்பது குடோன்களில் பழகிப்போன பதில். நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில் நம்மை ஏமாற்றிவிடும்.

நூற்றுக்கு நான்கு பழுதான சரக்கில் 50 பாட்டில் வந்தால் 5 பார்ப்போம். ஒன்றும் பழுதில்லை என்றால் இறக்கிக்கொள்வோம். உள்ளே இருக்கும் 2 பழுதும் கண்ணில் படாமல் போக நூற்றுக்கு 80 வாய்ப்பு உண்டு. அதே தரத்தில் 1,000 வந்தால் 100 பார்ப்போம். இப்போது தப்ப நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை. பழுதைப் பிடித்துத் தருவது எத்தனை பாட்டிலைக் கையில் எடுத்தோம் என்பதே. மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்பதற்கு அதில் வேலை மிகக் குறைவு.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாட்ஜ், ரோமிக் இருவரும் 1920களில் தொடங்கிவைத்த கணக்கு இது. இன்று ஐஎஸ்ஓ 2859, இந்தியாவில் ஐஎஸ் 2500 என்ற அட்டவணைகளாகக் கிடைக்கிறது. 501 முதல் 1,200 வரையான லாட்டுக்கு வழக்கமான சோதனையில் 80 எடுக்க வேண்டும். ஏற்கத்தக்க பழுது 2.5 சதவீதம் என்று விற்பவரோடு முன்பே பேசியிருந்தால், 80-இல் 5 பழுது வரை லாட்டை ஏற்கலாம். ஆறாவது கிடைத்தால் 40 பெட்டியும் திரும்பும்.

அந்த 80-ஐ எடுக்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கைக்கு எட்டும் நான்கு பெட்டியைப் பிரித்தால் 80 எளிதாக வந்துவிடும். ஆனால் அச்சு தேய்ந்த நேரத்தில் வார்த்த பாட்டில்கள் சேர்ந்தே இரண்டு மூன்று பெட்டிக்குள் போயிருக்கும். அதனால் 20 பெட்டியைப் பிரித்து, பெட்டிக்கு நான்கு எடுப்பது நல்லது. அடுக்கின் அடியிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் பெட்டி வரட்டும். பாட்டில் வாயின் விளிம்பில் விரலை ஓட்டாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். மூடியைத் திருகி, தண்ணீர் ஊற்றிக் கவிழ்க்க வேண்டும். உள்ளே கண்ணாடிச் சில்லு கிடந்தால் இந்த ஐந்து, ஆறு கணக்கு செல்லாது. அதற்கு அனுமதி பூஜ்யம்.

ஆறு பழுது வந்த பிறகு, ‘இன்னொரு 80 பார்ப்போமே’ என்று விற்பவரின் ஆள் கெஞ்சுவார். இசைந்துவிட்டால் மோசமான லாட்டுக்கு நாமே இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிறோம். வேண்டுமானால் 960-ஐயும் அவர் செலவில் பொறுக்கித் தரட்டும்.

இந்தக் கணக்குக்கும் ஓட்டை உண்டு. பத்து சதவீதம் பழுதான லாட்டுகள் வந்தால், ஏறக்குறைய ஆறில் ஒன்று இதையும் தாண்டி உள்ளே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு லாட்டின் முடிவையும் எழுதிவைக்கச் சொல்கிறது அந்த முறை. அடுத்தடுத்த ஐந்து லாட்டில் இரண்டு திரும்பினால் சோதனை இறுகும்: அதே 80 பாட்டில், ஆனால் நான்காவது பழுதிலேயே லாரி திரும்பிவிடும்.