நான்கு பேர் திருத்திய ஆசிரியர் குறிப்பு

புத்தகத்தின் பின்னட்டையில் வரும் ஆசிரியர் குறிப்பு ஐந்தாறு வரிதான். ஆனால் அதை நான்கு பேரிடம் காட்டினால் நான்கு திசையில் இழுப்பார்கள். தூத்துக்குடிச் சிறுகதையாளர் ஒருவரின் குறிப்பை எடுத்துக்கொள்வோம். வரைவில் ஒரு வரி: "சிறுகதை உலகில் தனக்கென ஓர் இடம் பிடித்தவர்." பதிப்பாளர், "இன்னும் அழுத்தமாக வேண்டும்" என்கிறார். நண்பரோ, "தற்பெருமை, எடுத்துவிடுங்கள்" என்கிறார்.

இரண்டும் எதிரெதிர்தான், ஆனால் இருவரும் தடுக்கிய இடம் ஒன்றே. அந்த வரியில் தகவலே இல்லை. "உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையைக் கதைகளாக எழுதிவருகிறார்" என்று மாற்றினால் பதிப்பாளர் கேட்ட அழுத்தமும் கிடைக்கிறது, நண்பர் சொன்ன பெருமையும் போய்விடுகிறது. அவர்கள் சொல்லும் தீர்வைவிட, சுட்டும் இடத்தையே நான் அதிகம் நம்புவேன்.

பிறந்த ஆண்டு, நூல் பெயர் போன்ற தகவல் பிழைகளைச் சரிபார்த்து உடனே திருத்திவிடலாம்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் எழுதித் தந்த வாக்கியங்களை அப்படியே ஒட்டினால், "பிறந்தவர்" என்று தொடங்கிய குறிப்பு "பணிபுரிகிறேன்" என்று முடியும். "படித்தார்" பக்கத்தில் "பயின்றார்" நிற்கும். எனவே படர்க்கையா தன்மையா, எளிய நடையா ஏட்டு நடையா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கருத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, எல்லா வரிகளையும் ஒருவரே எழுத வேண்டும். பிறகு வாய்விட்டு வாசித்தால், ஒட்டுப்போட்ட இடத்தில் குரல் மாறுவது காதுக்கே தெரியும்.